1929 சரிவு: கடன் எப்படி மொத்தச் சந்தையையும் இழுத்தது?

"கடன் வாங்கிப் பங்கு வாங்கியவருக்கு நஷ்டம், சரி. கடனே வாங்காதவர் பங்கும் ஏன் விழுந்தது?"

கடன் வாங்கியவரின் பங்கை விற்றது தரகர் என்பதால்தான். அப்போது நியூயார்க்கில் 100 டாலர் பங்கை வாங்கப் பல சமயம் கையிலிருந்து 20 டாலர் போட்டால் போதும், மீதி 80 தரகர் தரும் கடன். அதற்கு ஈடு அந்தப் பங்கேதான். விலை 85 ஆனால் உங்கள் பணம் 5 டாலராகச் சுருங்கிவிடும், தரகரின் 80 அப்படியே நிற்கும். உடனே "மேற்கொண்டு பணம் கட்டு" என்று தந்தி வரும். கட்டாவிட்டால் கேட்காமலே விற்றுவிடுவார்.

இங்கேதான் விஷயம். விலை நியாயமா என்று தரகர் பார்ப்பதில்லை, எது உடனே விலைபோகுமோ அதை விற்பார். அதனால் நல்ல நிறுவனப் பங்கும் விழும். அந்த வீழ்ச்சி இன்னொருவரின் ஈட்டைக் குறைக்கும், அவருக்கும் தந்தி போகும். அக்டோபர் 28-ல் டௌ ஜோன்ஸ் குறியீடு சுமார் 13 சதவீதம் விழுந்தது, மறுநாள் இன்னும் 12.

அப்புறம் 1934-ல் வந்த சட்டம், இந்தக் கடனுக்கு வரம்பு வைக்கும் அதிகாரத்தை அமெரிக்க மத்திய வங்கிக்குக் கொடுத்தது. இப்போது அங்கே வாங்கும்போது பாதிப் பணமாவது சொந்தமாகப் போட வேண்டும்.