ராஜினாமா கொடுத்த பிறகு பாக்கித் தவணை போனஸ் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் போனஸை மொத்தமாகத் தருவதில்லை. மூன்றாகப் பிரித்து, மூன்று ஆண்டுகளுக்கு மார்ச் 31 அன்று ஒரு தவணை தருகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறிவித்த 9 லட்சத்தில் கடைசி 3 லட்சம் பாக்கி. சென்ற ஆண்டு அறிவித்த 12 லட்சத்தில் ஒரு தவணைதான் வந்தது. 8 லட்சம் பாக்கி. பிப்ரவரி 10 அன்று ராஜினாமா கொடுத்தேன். இரண்டு மாத நோட்டீஸ், ஏப்ரல் 10 கடைசி நாள். "விலகுபவருக்குப் பாக்கி போனஸ் கிடையாது, 11 லட்சமும் ரத்து" என்று மனிதவளத் துறை எழுதியிருக்கிறது. மார்ச் 15 அன்றே விடுவித்துவிடுவதாகவும் சொல்கிறார்கள். இது நான் உழைத்துச் சம்பாதித்த பணம் அல்லவா? போனஸ் கடிதங்கள் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அந்த 11 லட்சத்தில் 3 லட்சத்தை நீங்கள் கேட்டு வாங்க முடியும். ஆனால் அதற்கு மார்ச் 31 அன்று நீங்கள் பணியில் இருந்தாக வேண்டும். மீதி 8 லட்சம் நீங்கள் ராஜினாமா கடிதத்தை நீட்டிய அன்றே போய்விட்டது. எழுதுவதற்குச் சங்கடமாக இருந்தாலும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எட்டையும் மூன்றையும் சேர்த்துச் சண்டை போட்டால் மூன்றும் கைநழுவும்.

"உழைத்துச் சம்பாதித்தது" என்ற வாதத்தை ஏறக்குறைய எல்லோருமே முன்வைக்கிறார்கள். சென்ற ஆண்டு உழைத்தேன், அதற்காகத் தொகை அறிவித்தார்கள், எனவே அது என்னுடையது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றம் கேட்கும் கேள்வி வேறு. அந்தத் தொகை முடிந்துபோன உழைப்புக்கு மட்டும் தரப்பட்டதா, அல்லது உழைப்போடு "இன்னும் சில காலம் இங்கேயே இருப்பீர்கள்" என்பதற்கும் சேர்த்துத் தரப்பட்டதா? இரண்டாவது என்று கடிதம் சொன்னால், இருக்க வேண்டிய காலம் முடியும்வரை அந்தத் தவணை சம்பாதிக்கப்பட்டதாகவே ஆகாது. அறிவித்த தொகை வேறு, உரிமையான தொகை வேறு.

இதில் நீதிமன்றங்கள் எவ்வளவு உறுதியாக இருக்கின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஊதியச் சட்டம் தொழிலாளர் பக்கம் நன்றாகச் சாயக்கூடியது. சம்பாதித்த ஊதியத்தை எந்தக் காரணம் சொல்லியும் முதலாளி பிடித்துக்கொள்ள முடியாது. அங்கே ஒரு நிதி நிறுவன ஊழியர் தம் ஊதியத்தின் ஒரு பகுதியைப் பணத்துக்குப் பதிலாக, தள்ளுபடி விலையில் நிறுவனப் பங்குகளாகப் பெற ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாக விலகினால் பங்குகள் போய்விடும் என்பது நிபந்தனை. அவர் இடையிலேயே விலகினார், பங்குகள் போயின, வழக்குத் தொடுத்தார். 2009-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காலக்கெடு முடியும்வரை பணியில் இருக்காததால் அவர் அந்தப் பங்குகளைச் சம்பாதிக்கவே இல்லை. சம்பாதிக்காததைப் பறித்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. சொந்த ஊதியத்திலிருந்து விட்டுக்கொடுத்தவருக்கே இந்த நிலை என்றால், நிறுவனம் மேலாகத் தரும் போனஸில் உங்கள் வாதம் எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்.

ஆகவே எல்லாமே கடிதத்தின் வாசகத்தில் இருக்கிறது. உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஆனால் ஒன்று அல்ல. 9 லட்சத்துக்கான முதல் கடிதம், "தவணை வழங்கப்படும் நாளில் நிறுவனத்தின் பணியில் இருப்பவருக்கு" என்கிறது. 12 லட்சத்துக்கான இரண்டாவது கடிதம், "தவணை வழங்கப்படும் நாளில் பணியில் இருந்து, விலகல் அறிவிப்பு கொடுக்காமலும் பெறாமலும் இருப்பவருக்கு" என்கிறது. நடுவில் யாரோ ஒரு வழக்கறிஞர் நான்கு வார்த்தைகளைச் சேர்த்திருக்கிறார். அந்த நான்கு வார்த்தைகளின் விலை, இந்த மார்ச்சுக்கு உரிய 4 லட்சம். அடுத்த மார்ச்சுக்கு உரிய 4 லட்சம் எந்தக் கடிதத்தின்படியும் கிடைத்திருக்காது, அன்று நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை.

முதல் கடிதத்தில் அப்படி ஒரு சேர்க்கை இல்லை. நோட்டீஸ் காலத்தில் இருப்பவரும் பணியில் இருப்பவர்தான். சம்பளம் ஓடுகிறது, விடுப்பு விதிகள் பொருந்துகின்றன, போட்டி நிறுவனத்தில் சேர முடியாது. "வீட்டிலேயே இருங்கள், வேலைக்கு வர வேண்டாம்" என்று சம்பளத்தோடு உட்கார வைத்தாலும் பணித் தொடர்பு அறுவதில்லை. "விலகுபவருக்குக் கிடையாது" என்று மனிதவளத் துறை மின்னஞ்சலில் எழுதுவதால் கடிதத்தில் இல்லாத நிபந்தனை முளைத்துவிடாது. கடிதத்தோடு போனஸ் திட்ட விதிகள் என்று தனி ஆவணம் இருந்தால், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடிதம் ஒன்று சொல்லி விதி வேறொன்று சொன்னால் எது மேலோங்கும் என்பதும் அவற்றிலேயே எழுதியிருக்கும். விதிகளைப் பின்னால் மாற்றியிருந்தால், உங்களுக்குத் தொகை அறிவித்த நாளில் இருந்த பிரதிதான் வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: சில திட்டங்களில் தவணை "உரிமையாகும் நாள்" டிசம்பரிலும் "வழங்கப்படும் நாள்" மார்ச்சிலும் இருக்கும். அப்படி இருந்து, விதிகளில் வேறு தடை எதுவும் இல்லையென்றால், டிசம்பரைத் தாண்டிய தவணைக்கு நீங்கள் மார்ச்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

இனி மார்ச் 15 விவகாரம். இதை அவர்கள் சும்மா சொல்லவில்லை என்பது என் ஊகம். மார்ச் 15 அன்று பணி முடிந்தால் 31 அன்று நீங்கள் பணியில் இல்லை, 3 லட்சமும் அவர்களுக்கு மிச்சம். அவர்களால் அப்படிச் செய்ய முடியுமா என்பது பணி ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவைப் பொறுத்தது. மீதி நோட்டீஸ் காலத்துக்குச் சம்பளம் கொடுத்து முன்கூட்டியே விடுவிக்கலாம் என்று அந்தப் பிரிவு நிறுவனத்துக்கு உரிமை தந்திருந்தால், நீங்கள் பலவீனமான இடத்தில் இருக்கிறீர்கள். தவணையைத் தவிர்ப்பதற்காகவே அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள் என்று வாதாடலாம். ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இதற்கு ஓரளவு ஆதரவு உண்டு. ஆனால் அது வழக்கு, உறுதி அல்ல. அப்படி ஓர் உரிமை எழுதப்படவில்லை என்றால், இரண்டு மாத நோட்டீஸை ஒருதலையாகச் சுருக்குவது ஒப்பந்த மீறல். மீறாமல் இருந்திருந்தால் உங்கள் கைக்கு வந்திருக்கக்கூடியதை இழப்பீடாகக் கேட்கலாம். மார்ச் 31-இன் 3 லட்சம் அதில் அடங்கும்.

பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த வாதத்தில் அல்ல, தாமாகவே தேதியை முன்னால் இழுத்துக்கொள்வதில்தான். புதிய நிறுவனம் சீக்கிரம் வரச் சொல்கிறது என்று "என்னை மார்ச் 20 அன்று விடுவிக்கவும்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும், 3 லட்சம் போச்சு. மீதமுள்ள விடுப்பை நோட்டீஸில் கழித்துக்கொள்ளச் சம்மதிப்பதும் அதே வேலையைச் செய்யும். உங்களிடம் 12 நாள் விடுப்பு இருந்து, வார விடுமுறைகளை விட்டு ஏப்ரல் 10-இலிருந்து பின்னால் எண்ணினால், கடைசி நாள் மார்ச் இறுதி வாரத்துக்கு வந்துவிடும். விடுப்பைக் கழிக்க வேண்டாம், பணமாகத் தாருங்கள் என்று சொல்லுங்கள். புதிய நிறுவனத்திடம் ஏப்ரல் 11-க்கு முன் வர முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இன்றே மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். ராஜினாமா தேதி, நோட்டீஸ் காலம், கடைசி நாள் ஏப்ரல் 10, முதல் கடிதத்தின் அந்த வாக்கியம் அப்படியே, மார்ச் 31 தவணையை எதிர்பார்க்கிறேன், முன்கூட்டி விடுவிக்க நான் கேட்கவுமில்லை சம்மதிக்கவுமில்லை. இவ்வளவு போதும். கோபத்தை அதில் வைக்காதீர்கள். இரண்டாவது கடிதத்தைப் பற்றிப் பேசவும் வேண்டாம்.

நீங்களாக விலகாமல் அவர்கள் அனுப்பியிருந்தால் கதை வேறு. ஆட்குறைப்பு, உடல்நலக் குறைவு, ஓய்வு, மரணம் ஆகிய காரணங்களுக்கு மீதித் தவணைகள் தொடரும் என்று பல திட்டங்கள் தனியாக எழுதுகின்றன. எழுதாவிட்டாலும் இடம் இருக்கலாம். கனடாவில் ஒரு மூத்த வேதியியலாளர், பொறுப்புகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டு விலக நேர்ந்தது. ஏறக்குறைய 13 மாதங்கள் கழித்து நிறுவனம் விற்கப்பட்டது. அந்த விற்பனையின்போது பணியில் இருப்பவர்களுக்குப் பெரிய போனஸ் உண்டு. உண்மையில் இது பணிநீக்கமே, முறையாக 15 மாத நோட்டீஸ் தந்திருக்க வேண்டும், தந்திருந்தால் விற்பனையன்று அவர் பணியில் இருந்திருப்பார் என்று கணக்கிட்டு, 2020-இல் கனடா உச்ச நீதிமன்றம் சுமார் 10.9 லட்சம் கனடிய டாலரை அவருக்கு வழங்கியது. எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும் போனஸ் இல்லை என்ற திட்ட வாசகம் அவருடைய இழப்பீட்டு உரிமையைத் துண்டிக்கும் அளவுக்குத் தெளிவாக இல்லை என்றது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உங்களையும் இப்படித் தள்ளி வெளியேற்றினார்கள் என்றால் அதை எனக்குத் தனியாக எழுதுங்கள், 8 லட்சத்தைப் பற்றிய என் பதில் மாறலாம். நல்ல வாய்ப்பு வந்தது, போகிறேன் என்பதுதான் உண்மை என்றால் இந்தத் தீர்ப்பை அவர்கள் முன் நீட்ட வேண்டாம்.

8 லட்சத்துக்கு வேறு வாசல் இருக்கிறது, ஆனால் அது பழைய நிறுவனத்தில் இல்லை. விலகுவதால் இழக்கும் தவணைகளைப் புதிய நிறுவனம் ஈடுகட்டுவது பெரிய பதவிகளில் வழக்கம்தான். ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். இப்போதும் கேளுங்கள், இரண்டு கடிதங்களையும் மனிதவளத் துறையின் ரத்து மின்னஞ்சலையும் காட்டினால் இழப்புக்கு அதுவே சான்று. ஒருவேளை தந்தால், அங்கும் தவணையாகத்தான் தருவார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன் "விலகல் அறிவிப்பு" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கடைசி நாளன்று "முழுமையான இறுதித் தீர்வு" என்ற தாள் வரும். எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று அதில் இருக்கும். 3 லட்சம் கணக்கில் ஏறாமல் அதில் அப்படியே கையெழுத்திட்டால், பிறகு நான் எழுதும் நோட்டீஸுக்கு அந்தத் தாளின் நகல்தான் பதிலாக வரும். கணக்கில் ஏறவில்லை என்றால், "போனஸ் தவணை 3 லட்சம் நீங்கலாக" என்று கையாலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுத விடவில்லை என்றால் கையெழுத்திடாமல் வெளியே வந்து எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.