வானப் படத்தில் வெட்டுப்பட்ட சூரியன்

கேள்வி: ஏழெட்டுப் படங்களை ஒட்டி 360 பாகை வானப் படம் ஒன்று செய்து பிளெண்டரில் போட்டேன். வெளிச்சம் வருகிறது. ஆனால் நல்ல வெயிலில் எடுத்த படமாக இருந்தும் நிழலே விழவில்லை, எல்லாம் மப்பு நாள் மாதிரி நீலமாக இருக்கிறது. ஒட்டியதில் பிழையா?

ஒட்டியதில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் படத்தில் சூரியன் வெள்ளையாகத் தெரிந்தாலும், அதன் உண்மையான பிரகாசம் அந்த எண்களுக்குள் இல்லை, கமெரா பதியக்கூடிய எல்லையில் வெட்டுப்பட்டுவிட்டது. கிளிநொச்சியில் வீட்டு வரைபடங்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுக்கும் எனக்கும் முதல் வானப் படத்தில் இதுவே நடந்தது. ஆகவே இதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நான் படம் எடுத்தது இரணைமடுக் குளக்கட்டில். அங்கு அடிவானம் நாலா பக்கமும் திறந்திருக்கும். தூரத்து மரங்களின் உச்சிகள் படங்களை ஒட்டுவதற்கான பொதுப் புள்ளிகளைத் தரும். வெறும் நீல வானத்தில் படங்களை ஒட்டும் மென்பொருளான ஹியூகின் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பதால், ஒவ்வொரு படத்திலும் அடிவானம் கொஞ்சமாவது விழ வேண்டும். மீன்கண் வில்லையுடன் 60 பாகைக்கு ஒன்றாகச் சுற்றிவர ஆறு படமும், தலைக்கு மேலே ஒரு படமும் எடுத்தேன். f/8, ஐஎஸ்ஓ 100, வெண்சமநிலை, குவியம் எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட்டு, ஒவ்வொரு திசையிலும் 1/15, 1/60, 1/250, 1/1000, 1/4000 என்று ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றினேன். முகில்களுக்கு இந்த வீச்சு தாராளமாகப் போதும், சூரியனுக்குப் போதாது.

எவ்வளவு போதாது என்று பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு வெள்ளைத் தாள் காட்டும் பிரகாசத்தைவிட, சூரியத் தட்டின் பிரகாசம் ஏறத்தாழ 50,000 மடங்கு. ஒளியளவை ஒவ்வொரு முறையும் பாதியாக்கும் படியை ஒரு ஸ்டாப் என்று கொண்டால், இது 15 முதல் 16 ஸ்டாப். வெயிலில் வெள்ளைத் தாள் சரியாக வரும் அளவிலிருந்து f/8, 1/4000 மூன்றரை ஸ்டாப்தான் கீழே போகிறது. f/16, 1/8000 என்று கமெராவை எல்லைவரை தள்ளி, பத்து ஸ்டாப் குறைக்கும் கறுப்பு வடிகண்ணாடியும் போட்டால்தான் தட்டு வெட்டுப்படாமல் வரும். ஆனால் மீன்கண் வில்லையின் முன்கண்ணாடி புடைத்திருப்பதால் அந்த வடிகண்ணாடியை அதில் மாட்ட முடியாது. சாதாரண வில்லையில் மாட்டிச் சூரியனைத் தனியாக எடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கண்ணைக் கமெராவின் பார்வைத் துளையில் வைக்கவே வேண்டாம், அந்த வடிகண்ணாடி கண்ணைக் காக்காது.

நான் விரும்புவது வேறு வழி. சூரியனை நேராக அளக்காமல், அது ஒரு மட்டையில் செய்யும் வேலையை அளப்பது. பளபளப்பில்லாத வெள்ளை அல்லது சாம்பல் மட்டை ஒன்றை நிலத்தில் மட்டமாக வைத்து, வெயிலில் ஒரு படமும், சூரியனை மட்டும் மறைத்து ஒரு படமும் ஒரே அளவுகளில் எடுக்க வேண்டும். மறைப்பதற்கு மர நிழலைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் மரம் பாதி வானத்தையும் சேர்த்து மறைத்துவிடும். சின்னப் பலகை ஒன்றை ஒருவர் தள்ளி நின்று பிடித்தால், மட்டைக்கு முழு வானமும் தெரியும், சூரியன் மட்டும் தெரியாது. சூரியன் தன் அகலத்தளவு தூரத்தை ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவதால், சூரியன் இருக்கும் திசைப் படத்தை எடுத்த கையோடு இதையும் முடித்துவிடுங்கள்.

இந்த இரண்டு படங்களையும் ரோ கோப்பிலிருந்து நேர்விகித அளவில் வாசிக்க வேண்டும்:

```
dcraw -4 -T -w mattai.nef
```

ஜேபெக்கில் வாசித்தால் உண்மையில் ஆறு மடங்காக இருக்கும் வேறுபாடு இரண்டே கால் மடங்காகத்தான் தெரியும். கணக்கு முழுதும் பிழைத்துவிடும். வானப் படங்களையும் இதே வெண்சமநிலையில் மாற்றியிருக்க வேண்டும். எனது மட்டையில் வெயிலுக்கும் நிழலுக்குமான விகிதம் சிவப்பில் 8.5, பச்சையில் 6, நீலத்தில் 4 என்று வந்தது. நிழலில் ஒளி தருவது நீல வானம் என்பதால் இந்த வரிசை இயல்பானது.

அடுத்து, ஒட்டிய படத்திலிருந்து இரண்டு பிரதிகள் செய்தேன். ஒன்றில் சூரியப் பொட்டைப் பக்கத்து வான நிறத்தால் பூசி மறைத்தேன். மற்றதில் பொட்டை மட்டும் விட்டு எல்லாவற்றையும் கறுப்பாக்கினேன். பிளெண்டரில் மட்டமான வெள்ளைத் தளம் ஒன்றை வைத்து, இரண்டையும் தனித்தனியே ரெண்டர் செய்து EXR ஆகச் சேமித்து எண்களைப் பார்த்தேன். வானம் மட்டும் தந்தது பச்சையில் 0.25. சூரியன் மட்டும் தந்தது 0.01. அதாவது என் சூரியன் வானத்தின் இருபத்தைந்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் தந்துகொண்டிருந்தது. நிழல் விழாததன் காரணம் இதுவே, உங்களுக்கும் இதைப் போன்ற ஓர் எண்தான் கிடைக்கும்.

மட்டையின் விகிதம் 6 என்றால், வானம் ஒரு பங்கு, சூரியன் ஐந்து பங்கு. எனவே சூரியன் தர வேண்டியது 5 × 0.25 = 1.25, இருப்பது 0.01, பெருக்க வேண்டியது 125. சிவப்பில் வானம் 0.18 தந்ததால் 7.5 × 0.18 = 1.35, பெருக்கம் 135. நீலத்தில் 3 × 0.36 = 1.08, பெருக்கம் 108. பொட்டு வெட்டுப்பட்டு வெறும் வெள்ளையாக இருந்ததால் அதன் பங்கு மூன்று நிறத்திலும் 0.01 தான். சூரியப் பொட்டை மட்டும் வெள்ளையாக வரைந்த `sun.png` என்ற முகமூடிப் படத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்தேன். ஓப்பன்சீவியில் நிற வரிசை நீலம், பச்சை, சிவப்பு என்பதைக் கவனியுங்கள்.

```python
import os
os.environ["OPENCV_IO_ENABLE_OPENEXR"] = "1"
import cv2
img = cv2.imread("vaanam.exr", cv2.IMREAD_COLOR | cv2.IMREAD_ANYDEPTH)
mask = cv2.imread("sun.png", 0) > 127
img[mask] *= [108, 125, 135]
cv2.imwrite("vaanam2.exr", img)
```

இந்தக் கோப்பைப் பிறகு வேறு மென்பொருளில் திறந்து சேமிக்கும்போது Half என்ற தெரிவை எடுக்காதீர்கள். அதில் 65,504க்கு மேல் எண் நிற்காது, பொட்டு சிறிதாக இருந்தால் சூரியன் அந்த எல்லையைத் தொட்டுவிடும். படத்தைச் சுருக்குவதிலும் கவனம் வேண்டும். 4096 பிக்சல் அகலப் படத்தில் சூரியத் தட்டு ஆறு பிக்சல்தான். கூர்மை கூட்டும் வடிகட்டியால் சுருக்கினால் சூரியனைச் சுற்றி மறை எண்களாலான கறுப்பு வளையம் வந்துவிடும்.

பெருக்கிய பிறகு அதே வெள்ளைத் தளத்தின் மேல் ஒரு கம்பத்தை நட்டு ரெண்டர் செய்து பாருங்கள். கம்பம் மெல்லியதாக இருந்தால், திறந்த இடத்துக்கும் நிழலின் நடுவுக்கும் உள்ள விகிதம் மட்டையின் விகிதத்துக்கு அருகில் வர வேண்டும். விகிதம் சரியாக வந்தும் நிழலின் ஓரம் நிஜத்தைவிட மங்கலாக இருக்கலாம். வெட்டுப்பட்ட பொட்டு உண்மையான அரைப் பாகைத் தட்டைவிடப் பெரிதாக இருப்பதே அதற்குக் காரணம். கூரிய நிழல் தேவையான வேலைகளுக்கு நான் பொட்டைப் பூசிய பிரதியையே வானமாக வைத்து, அதே திசையில் பிளெண்டரின் Sun விளக்கை Angle 0.53° என்று வைத்துவிடுவேன். விளக்கின் Strength அளவையும் மேலே சொன்ன கணக்கே தரும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வன்னியில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே நிற்கும். விரித்த வானப் படத்தில் உச்சி என்பது மேல் விளிம்பு முழுவதுமாக இழுபட்டுவிடுவதால், அப்போது சூரியன் பொட்டாக இல்லாமல் ஒரு கோடாகக் கிடக்கும், முகமூடி வரைவது பெரும் பாடாகிவிடும். காலை ஒன்பது மணியை ஒட்டிப் படமெடுத்தால் இந்தச் சிக்கல் வராது. வரைபடத்து வீட்டுக்குச் சாய்ந்த நிழலும் கிடைக்கும்.