ஒரே ரெஸ்யூமே, வேறு வேறு விளம்பரம்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: பி.காம் முடித்து மூன்று வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஒரே ரெஸ்யூமேவைத்தான் எல்லா இடத்துக்கும் அனுப்புகிறேன், யாரும் கூப்பிடுவதில்லை. விளம்பரத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றச் சொல்கிறார்கள். பொய் எழுதாமல் எப்படி மாற்றுவது?

பதில்: நீங்கள் இணைத்திருக்கும் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். GSTR-2B ரிகன்சிலியேஷன், டி.டி.எஸ். ரிட்டர்ன், டேலி பிரைம், எக்ஸெல் கேட்கிறார்கள், எஸ்.ஏ.பி. தெரிந்தால் நல்லது என்கிறார்கள். உங்கள் ரெஸ்யூமேவில் இருப்பதோ 'ஜி.எஸ்.டி. மற்றும் டேலி வேலைகள்' என்று ஒரே வரி. ஆனால் ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி 2பி வந்ததும் அதை எக்ஸெலில் இறக்கி, பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு VLOOKUP போட்டுப் பார்த்து, விடுபட்ட பில்லுக்கு நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் போன் போட்டுக் கேட்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் தேடுவது இதைத்தான்! இதை 'GSTR-2B ரிகன்சிலியேஷன்' என்று அவர்கள் எழுதிய சொல்லிலேயே முதல் வரியாக வையுங்கள், ஏனென்றால் ஹெச்.ஆர். அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேடுவார். மாதம் எத்தனை பில் என்பதையும் சேருங்கள், குத்துமதிப்பாக வேண்டாம், டேலியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்தால் வவுச்சர் எண்ணிக்கை இருக்கும்.

டி.டி.எஸ்.தான் சிக்கலான இடம். நீங்கள் பிடித்தம் கணக்குப் போட்டு சலான் கட்டுகிறீர்கள், 26Q ரிட்டர்ன் போடுவது ஆடிட்டர் ஆபீஸ். அப்படியானால் 'ரிட்டர்ன் ஃபைலிங்' என்று எழுதினால் பொய், எழுதாமலே விட்டால் செய்த வேலை வீண். 'டி.டி.எஸ். கணக்கீடு, சலான் செலுத்துதல், 26Q-க்கான விவரங்களைத் தயாரித்து ஆடிட்டருக்குக் கொடுத்தல்' என்று எழுதுங்கள். டி.டி.எஸ்., 26Q இரண்டு சொல்லும் வந்துவிட்டன, யார் எதைச் செய்தார்கள் என்பதும் தெளிவு. பாதி செய்த வேலை எதுவானாலும் வினைச்சொல்லில் கவனமாக இருங்கள், பெரும்பாலானவர்கள் தெரியாமல் பொய் சொல்லிவிடுவது அங்கேதான்.

எஸ்.ஏ.பி. தொட்டதே இல்லையென்றால் 'பேசிக் எஸ்.ஏ.பி.' என்றுகூடப் போடாதீர்கள். FB60 எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் நிஜமாகச் செய்த 2பி வேலையையும் நம்ப மாட்டார்கள். இருந்தால் நல்லது என்றுதானே கேட்டிருக்கிறார்கள், அது இல்லாமலே தாராளமாக அனுப்பலாம்.

அப்புறம், செய்த வேலை எல்லாவற்றையும் விரிவாக எழுதி ஒரு மூல ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள், அது நான்கு பக்கம் போனாலும் பரவாயில்லை, யாருக்கும் அனுப்பப்போவதில்லை. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதிலிருந்து எடுத்து ஒன்றரைப் பக்கத்துக்குள் அடக்குங்கள். இந்த வேலைக்கு 2பி மேலே வரும், ஏற்றுமதி கம்பெனி என்றால் ஷிப்பிங் பில், ரீஃபண்ட் வேலைகள் மேலே வரும். பதவிப் பெயர், தேதி, சம்பளம் எந்தப் பிரதியிலும் மாறக்கூடாது. அனுப்பிய பிரதியோடு விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள், அவர்கள் போன் செய்யும்போது பல நேரம் விளம்பரத்தை எடுத்துவிட்டிருப்பார்கள்.