இருவர் பெயரில் இருந்த சென்னை வீடு, இலாபம் ஒருவர் ரிட்டர்னில்: இரண்டையும் எப்படித் திருத்துவது?

கேள்வி: "நானும் மனைவியும் இந்தியக் கடவுச்சீட்டில் கொழும்பில் வேலை செய்கிறோம். இருவர் பெயரிலும் இருந்த வேளச்சேரி ஃபிளாட்டை 2024 நவம்பரில் விற்றோம். இலாபம் முழுவதையும் என் ரிட்டர்னில் காட்டிவிட்டேன். மனைவி என்ஆர்ஓ வட்டியை மட்டும் காட்டி ரிட்டர்ன் போட்டிருக்கிறார். டிசம்பர் 31-க்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?"

2025 டிசம்பர் 31-க்குள் இருவரும் 139(5) பிரிவில் திருத்திய ரிட்டர்ன் போட்டால் சரியாகிவிடும். ஆனால் போர்ட்டலைத் திறக்குமுன் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் காட்டியது உண்மையிலேயே பிழையா?

பத்திரத்தில் இரண்டு பெயர் இருக்கிறது என்பதால் மட்டும் இலாபம் பாதிபாதியாகிவிடாது. வாங்கியபோது யார் பணம் போனது என்பதுதான் கேள்வி. இருவரும் சொந்தப் பணம் போட்டிருந்தால், போட்ட அளவுக்கே பங்கு. கடன் எடுத்திருந்தால் தவணை யார் கணக்கிலிருந்து போனது என்று பாருங்கள். அளவைக் காட்ட ஆதாரம் இல்லாவிட்டால் சமபங்கு என்று கொள்வார்கள். மனைவி ஒரு சதமும் போடவில்லை, முழுப் பணமும் உங்களுடையது, அவர் பெயரைச் சேர்த்தது மட்டும்தான் என்றால் 64(1)(iv) பிரிவின்படி அவர் பங்கின் இலாபமும் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அப்படியானால் உங்கள் ரிட்டர்னில் இலாபம் இருக்கிற இடம் சரி. பிரித்துப் போட்டால் அதுதான் பிழை. ஆகவே வாங்கிய காலத்து வங்கிக் கூற்றுகளை முதலில் எடுத்து வையுங்கள். பின்னாளில் நோட்டீஸ் வந்தாலும் கேட்கப்போவது அதைத்தான்.

இருவரும் பாதிபாதி போட்டதாக வைத்து, உங்கள் தொகை தெரியாததால் மாதிரிக் கணக்கு ஒன்று காட்டுகிறேன். எல்லாம் இந்திய ரூபாய். விற்ற விலை 1,20,00,000. பல வருடங்களுக்கு முன் வாங்கிய செலவு 64,00,000. இலாபம் 56,00,000. 2024 ஜூலை 23-க்குப் பிந்திய விற்பனை என்பதால் வரி 12.5 சதவீதம். அதற்கு முன் வாங்கிய வீட்டுக்குப் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதத்தைத் தெரிவுசெய்யும் வசதி இந்தியாவில் வதிபவர்களுக்கு மட்டுமே, உங்களுக்கு இல்லை.

56 இலட்சமும் உங்கள் தலையில் விழும்போது வருமானம் 50 இலட்சத்தைத் தாண்டுகிறது. உடனே வரிமேல் 10 சதவீத சர்சார்ஜ் ஏறும். 7,00,000, அதோடு 70,000, மேலே 4 சதவீத செஸ்: மொத்தம் 8,00,800. பிரித்தால் ஆளுக்கு 28 இலட்சம். சர்சார்ஜ் இல்லை. ஆளுக்கு 3,50,000, செஸ் சேர்த்து 3,64,000, இருவருக்கும் 7,28,000. வரியில் மட்டும் 72,800 வித்தியாசம்.

இதைவிடப் பெரிய தொகை, விற்கும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸில் தேங்கி நிற்கிறது. வெளிநாட்டில் வதிபவர் விற்றால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் எடுக்காதவரை, வாங்குபவர் வழக்கமாக முழு விலைமீதே பிடிப்பார். ஆளுக்கு 60 இலட்சம் என்றால் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 14.3 சதவீதம், அதாவது ஒவ்வொரு பான் எண்ணிலும் 8,58,000. நீங்கள் 8,00,800 வரி காட்டினால் 57,200 மட்டும் திரும்பியிருக்கும். கணக்கு ஒட்டிப் போவதால் சந்தேகமே வராது. மனைவி பெயரில் பிடித்த 8,58,000-ஐ யாரும் கேட்கவே இல்லை. திருத்தினால் ஆளுக்கு 4,94,000 திரும்ப வரவேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே வந்த 57,200 அதில் கழியும்.

எனவே யார் பானில் எவ்வளவு வரி பிடிக்கப்பட்டது என்று காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐ இருவருக்கும் தனித்தனியே இறக்கிப் பாருங்கள். டிடிஎஸ் இரண்டு பான்களிலும் விழுந்திருந்தால் வேலை சுலபம். முழுவதும் உங்கள் பானில் விழுந்திருந்தால், வாங்கியவர் தான் பிடித்த வரிக்குக் கொடுத்த 27க்யூ கூற்றைத் திருத்தி, பாதியை மனைவியின் பானுக்கு மாற்றவேண்டும். ரிட்டர்னில் 'இன்னொருவருக்குரிய டிடிஎஸ்' என்று குறிக்க இடம் இருக்கிறதுதான். ஆனால் வாங்கியவர் பக்கத்தில் மாறாவிட்டால் மனைவிக்கு அந்த வரவு கிடைப்பது கடினம். பணம் கைமாறியபின் வாங்கியவரைப் பிடிப்பது பெரும்பாடு, ஆகவே இன்றே கேளுங்கள்.

பிறகு ரிட்டர்ன். மனைவியினுடையதை முதலில் போடுங்கள்; முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில். உங்கள் இலாபம் குறைந்து, அவர் பக்கத்தில் எதுவும் ஏறாமல் இருந்தால், பத்திரத் தகவலோடு ஒப்பிடும்போது பாதி விற்பனை காணாமல் போனதுபோல் தெரியும். இருவருக்கும் படிவம் ITR-2. மனைவியின் முதல் ரிட்டர்ன் ITR-1-இல் போயிருந்தாலும் திருத்தியது ITR-2-இல்தான் போகவேண்டும். e-File → Income Tax Returns → File Income Tax Return என்று போய் மதிப்பீட்டாண்டு 2025-26-ஐத் தெரிவுசெய்து, 139(5) என்று குறித்து, முதல் ரிட்டர்னின் ஒப்புகை எண்ணையும் திகதியையும் கொடுங்கள். திருத்தியது பழையதை முழுதாக மாற்றிவிடும். ஆகவே மனைவி முன்பு காட்டிய வட்டியையும் மறுபடி நிரப்பவேண்டும்.

Schedule CG-இல் ஒவ்வொருவரும் தன் பாதியையே எழுதவேண்டும்: விலை 60,00,000, செலவு 32,00,000. முத்திரைத்தாள் மதிப்பும் பாதிதான். அதன் கீழே வாங்கியவர் விவரத்தில் 'Percentage share' என்று ஒரு கட்டம் வரும். அது வாங்கியவரின் பங்கு, உங்களுடையது அல்ல. வாங்கியவர் ஒருவரே என்றால் 100, தொகை 60,00,000. பலர் இங்கே 50 என்று போட்டுவிட்டு, கணக்குப் பொருந்தவில்லை என்று சிவப்பில் வருவதைப் பார்த்துத் திகைப்பார்கள்.

சமர்ப்பித்து 30 நாளுக்குள் சரிபார்க்கவேண்டும். ஆதார் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் கொழும்பில் ரோமிங்கில் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லையேல் இந்திய வங்கியின் நெட்பேங்கிங் வழியாகச் செய்யலாம். பணம் திரும்ப வரவேண்டிய கணக்கு இருவருக்கும் போர்ட்டலில் முன்சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் முதல் ரிட்டர்னைச் சரிபார்த்து வரித்துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்திருந்தாலும் திருத்தத் தடையில்லை.

டிசம்பர் 31 தவறினால் பலர் ஐடிஆர்-யூ போடலாம் என்பார்கள். அது கூடுதல் வரி கட்டுவதற்கான வழி. பணம் திரும்பக் கேட்க அதைப் பயன்படுத்த முடியாது. உங்கள் இருவர் நிலையிலும் பணம் திரும்ப வரவேண்டியிருப்பதால் அது உதவாது. அப்போது 119(2)(b) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு, பான் எல்லைக்குரிய முதன்மை ஆணையருக்கு இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபர் 1-இன் 11/2024 சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கேட்கவேண்டும். ஒரு கோடி வரையான கோரிக்கை அந்த நிலையிலேயே முடியும். திரும்பும் தொகைக்கு வட்டி கிடையாது. தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டவேண்டும். பத்திரம், வங்கிக் கூற்றுகள், இருவரின் 26ஏஎஸ், பிரித்துப் போட்ட கணக்கு எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பக்கத்துக்கு 143(1) அறிவிப்பு கிடைத்து ஒரு வருடத்துக்குள் 264 பிரிவில் மறுபரிசீலனையும் கேட்கலாம். கட்டணம் 500 ரூபாய்.