பேசும்போது ஸ்கிரீன் கறுப்பானால் டிஸ்ப்ளே போய்விட்டது என்று அர்த்தமா?

"சார், போனைக் காதில் வைத்ததும் ஸ்கிரீன் கறுப்பாகிறது. காதிலிருந்து எடுத்தாலும் திரும்ப வருவதில்லை. எதிர்முனையில் இருப்பவர் துண்டித்தால்தான் வெளிச்சம் வருகிறது. கஸ்டமர் கேரில் 1-ஐ அழுத்து, 2-ஐ அழுத்து என்கிறார்கள், எதையும் அழுத்த முடியவில்லை. புதிதாக டெம்பர்டு கிளாஸ் ஒட்டி ஒரு மாதம் ஆகிறது. கடைக்காரர் டிஸ்ப்ளே போய்விட்டது என்கிறார். மாற்றிவிடட்டுமா?"

வேண்டாம். துண்டித்த மறுநொடியே முழுசாகத் திரும்பி வரும் டிஸ்ப்ளே கெட்டுப்போன டிஸ்ப்ளே இல்லை. கெட்டிருந்தால் வீடியோ பார்க்கும்போதும் மெசேஜ் அடிக்கும்போதும் தகராறு செய்திருக்கும். உங்கள் போன் ஸ்கிரீனைத் தானாகவே அணைத்து வைத்திருக்கிறது. காதிலிருந்து எடுத்த பிறகும் உங்கள் காது இன்னும் பக்கத்தில் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி நினைக்க வைப்பது பெரும்பாலும் நீங்கள் ஒட்டிய அந்தக் கண்ணாடிதான்.

போனின் மேல்பக்கம், காதில் வைக்கும் ஸ்பீக்கர் துளைக்குப் பக்கத்தில், ப்ராக்ஸிமிட்டி சென்சார் என்று ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது வெளியே விடும். எதிரே காதோ கன்னமோ இருந்தால் ஒளி பட்டுத் திரும்பும். திரும்பி வந்த அளவு ஒரு எண்ணைத் தாண்டினால் "பக்கத்தில் ஆள் இருக்கிறார்" என்று முடிவு செய்து ஸ்கிரீனை அணைக்கும். கன்னம் பட்டு மியூட்டோ கட்டோ ஆகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் புரிந்துகொண்டால் போதும். அணைக்க ஒரு கோடு, திரும்ப எரிய வைக்க அதைவிடத் தாழ்வான இன்னொரு கோடு என்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒரே கோடாக இருந்தால் காது கொஞ்சம் அசைந்தாலே ஸ்கிரீன் மின்னி மின்னி அணையும். எடுத்துக்காட்டாக, அணைக்கும் கோடு 250, எரியவைக்கும் கோடு 150 என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஒன்றும் இல்லாதபோது வெறும் போன் 40 காட்டுகிறது. காதில் வைத்தால் 900, எடுத்தால் மறுபடி 40. 40 என்பது 150-க்குக் கீழே, அதனால் ஸ்கிரீன் வந்துவிடும். இப்போது மேலே ஒரு கண்ணாடி ஒட்டுகிறீர்கள். சென்சார் விடும் ஒளியில் கொஞ்சம் அந்தக் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்புகிறது. ஒன்றும் இல்லாதபோதே 160 காட்டுகிறது. 250-க்குக் கீழே இருப்பதால் டயல் செய்யும்போது பிரச்சினை தெரியாது. காதில் வைத்தால் 900, அணைகிறது. எடுத்தால் 160-க்குத்தான் இறங்குகிறது, 150-ஐத் தொடவே இல்லை. அவ்வளவுதான், கட் ஆகும்வரை கறுப்புத்தான். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இந்த நிலைமை.

இதைவிட முற்றிய நிலை ஒன்று உண்டு. டயல் செய்ததுமே, காதில் வைப்பதற்கு முன்பே அணைந்துவிடும். கண்ணாடியே 250-ஐத் தாண்ட வைத்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே எந்த நொடியில் கறுப்பாகிறது என்பதைக் கவனிப்பதுதான் பாதி வைத்தியம்.

கண்ணாடி ஏன் இப்படிச் செய்கிறது? காற்றும் கண்ணாடியும் சேரும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். பசை முழுக்கப் பரவிய கண்ணாடியில் உள்ளே காற்று இல்லை, தொல்லை குறைவு. ஓரத்தில் மட்டும் பசை வைத்த கண்ணாடியில் போனுக்கும் அதற்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கும், அங்கே திரும்பும் ஒளி நேராகச் சென்சாருக்குள் போகும். கறுப்பு பார்டர் அச்சிட்ட கண்ணாடியில் அந்தக் கறுப்பு மை சென்சார் மேல் ஏறிவிட்டால் இன்னும் மோசம். பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாத பிரைவசி கிளாஸும் இந்த விஷயத்தில் நம்பத்தகுந்தது அல்ல.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு போனில் கண்ணாடி சரியாகத்தான் இருந்தது, மேலே சென்சாருக்கு இடமும் விட்டிருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்த வெட்டின் விளிம்பு ஓரமாக நகக்கண் அளவு வெள்ளைப் பிறை. முகப் பவுடரும் வியர்வையும் சேர்ந்து இறுகியிருந்தது. பல் குச்சியின் நுனியில் உலர்ந்த துணியைச் சுற்றி வழித்து எடுத்ததும் பிரச்சினை போயிற்று. அதே கடைத்தெருவில் இரண்டு இடங்களில் அதற்கு டிஸ்ப்ளே மாற்றச் சொல்லியிருந்தார்களாம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் மேல் ஓரத்தையும் ஸ்பீக்கர் துளையைச் சுற்றியும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஈரம் கண்ணாடிக்கு அடியில் புகுந்தால் புதுத் தொல்லை. பிறகு ஸ்பீக்கர்போனை ஆன் செய்யாமல் ஒருவரை அழைத்து, உள்ளங்கையை மேல்பக்கத்துக்கு நேரே கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள். மாற்றம் இல்லை என்றால் டெம்பர்டு கிளாஸைக் கழற்றுங்கள். மூலையில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து மெதுவாகத் தூக்கினால் வந்துவிடும். வெறும் போனில் ஐந்தாறு முறை அழைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றவாளி கையில்தான் இருக்கிறது. அடுத்து வாங்கும்போது சென்சார் பகுதிக்கு மேல் வெட்டு விட்டதாகவோ, முழுப் பசை உள்ளதாகவோ கேட்டு வாங்குங்கள்.

எண்ணிலேயே பார்க்க வேண்டுமானால் சாம்சங் போனில் டயல் பேடில் `*#0*#` அடித்து Sensor என்பதைத் தொடலாம். ஷாவ்மி போன்களில் `*#*#6484#*#*` அடித்தால் சோதனை மெனு வரும், அதில் Proximity Sensor இருக்கும். கையை வைத்து எடுக்கும்போது நிலை மாறி, உடனே பழையபடி வருகிறதா என்று பாருங்கள். இப்படி ஒரு சோதனையை ரகசியச் சொல்லாக ஒளித்து வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் புரியாத சங்கதி. சாதாரண செட்டிங்ஸில் "சென்சாரைச் சோதி" என்று ஒரு வரி வைத்தால் என்ன குறைந்துவிடும்? சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால் முதல் வார்த்தை "ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்." போட்டோ, மெசேஜ் எல்லாம் அழிந்து புதிதாக நிற்கும், கண்ணாடி மட்டும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியைக் கழற்றிப் பார்க்காமல் ரீசெட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

"ப்ராக்ஸிமிட்டி சென்சார் ஃபிக்ஸர்" என்று வரும் செயலிகளையும் தொடாதீர்கள். சாதாரணச் செயலிக்குப் போனின் அந்தக் கோடுகளை மாற்றும் அதிகாரம் இல்லை. விளம்பரம் காட்டும், "சரியாகிவிட்டது" என்று பச்சை டிக் போடும், அனுமதிகளை வாங்கிக்கொள்ளும். அதோடு சரி.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் வீணாக அலைகிறார்கள். விலை குறைந்த சில போன்களில் அகச்சிவப்பு சென்சாரே இருக்காது. காது ஸ்பீக்கர் வழியே நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலியை அனுப்பி, மைக்கில் திரும்பும் எதிரொலியை வைத்து மென்பொருள் ஊகிக்கும். இதற்கு ஒளி பட்டுத் திரும்பும் கதையே பொருந்தாது. கண்ணாடி ஸ்பீக்கர் துளையை மூடியிருக்கிறதா, துளையிலோ மைக்கிலோ அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்ணாடியைக் கழற்றி, துளையையும் சுத்தம் செய்து, அப்போதும் தாறுமாறாக நடந்தால் மென்பொருள் அப்டேட் வரும்வரை சமாளிக்க வேண்டியதுதான். கடைக்காரர் சென்சாரை மாற்ற முடியாது, மாற்ற அங்கே சென்சாரே இல்லை. உங்கள் போன் எந்த வகை என்று தெரிய, டிவி ரிமோட்டின் நுனியை இன்னொரு போனின் முன் கேமராவில் பார்த்தபடி பொத்தானை அழுத்துங்கள். கேமராவில் ஊதா நிறப் பொட்டு மின்னினால் அந்தக் கேமராவுக்கு அகச்சிவப்பு தெரியும். அதே கேமராவை, இருட்டான அறையில், பேச்சு நடந்துகொண்டிருக்கும் உங்கள் போனின் மேல்பக்கம் காட்டுங்கள். பொட்டு தெரிந்தால் ஒளி சென்சார் இருக்கிறது. தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து சென்சார் இல்லை என்று சத்தியம் செய்துவிட முடியாது, சில சென்சார்களின் ஒளி மிகவும் மங்கல்.

சோதனை முடியும்வரை கஸ்டமர் கேருக்குப் பேசுவதானால், அழைத்ததுமே காதில் வைக்காமல் ஸ்பீக்கர்போனில் போடுங்கள், இயர்போன் மாட்டினாலும் சரி. அப்போது பெரும்பாலான போன்களில் இந்தச் சென்சார் ஸ்கிரீனை அணைக்காது, எண்களை அழுத்தலாம். ஆண்ட்ராய்டில் அக்சஸிபிலிட்டி பகுதியில் Power button ends call என்றிருந்தால் அதை ஆன் செய்யுங்கள், கறுப்பாக இருந்தாலும் பக்கவாட்டுப் பொத்தானால் கட் செய்துவிடலாம்.

கண்ணாடி இல்லாமலும் அதே கதை என்றால் மட்டும் கடை. அதற்கு முன் ஒரு கேள்வி: எப்போதாவது டிஸ்ப்ளே மாற்றியிருக்கிறீர்களா? மாற்றியிருந்தால் சந்தேகம் அங்கேதான். சென்சாரைச் சுற்றி ஒளி பக்கவாட்டில் கசியாமல் இருக்க ஒரு சிறிய ரப்பர் தடுப்பு இருக்கும். அவசரத்தில் வேலை செய்பவர்கள் அதைப் பழைய டிஸ்ப்ளேயோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மலிவான டிஸ்ப்ளேயில் சென்சாருக்கு மேல் அகச்சிவப்பு புகும் மை இல்லாமல் சாதாரணக் கறுப்பு மை இருப்பதும் உண்டு. மாற்றியவரிடமே திரும்பப் போய் "ரப்பர் தடுப்பைப் போட்டீர்களா" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஃபேஸ் ஐடி உள்ள ஐபோன் என்றால் கூடுதல் கவனம். ஐபோன் 10 முதல் 12 வரையிலான மாடல்களில் காது ஸ்பீக்கரும் இந்தச் சென்சாரும் ஃபேஸ் ஐடிக்கு ஒளி விடும் பாகமும் ஒரே பட்டையில் இருக்கின்றன. "சென்சாரை மட்டும் மாற்றித் தருகிறேன்" என்று ஒருவர் வேறு போனின் பட்டையைப் பொருத்தினால், ஸ்கிரீன் சரியாகும், ஃபேஸ் ஐடி வேலை செய்யாது. எந்தக் கடையாக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் அங்கேயே ஒரு அழைப்பு போட்டு, கையால் மூடி, எடுத்துப் பாருங்கள். புதுக் கண்ணாடி ஒட்டச் சொன்னீர்கள் என்றால் ஒட்டிய பிறகும் இன்னொரு முறை.