வழியனுப்பு விழாவில் முகவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

கேள்வி: என் நண்பன் எலக்ட்ரீசியன் வேலைக்காகச் சவுதி செல்கிறான். திருத்துறைப்பூண்டியில் நடக்கும் வழியனுப்பு விழாவில் என்னை மூன்று நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேடை அனுபவம் இல்லை. அழுதுவிடுவேனோ என்றும் பயம். கஜா புயலின்போது ஜெனரேட்டர் கொண்டுவந்து தெருவுக்கே உதவியவன் அவன். விசா வாங்கித் தந்த முகவரும் வருகிறார், அவரைப் பாராட்டிப் பேச வேண்டும் என்கிறார்கள். என்ன பேசுவது?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன அந்த ஜெனரேட்டர்தான் உங்கள் பேச்சு. நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்தில் ஏறத்தாழ 250 சொற்கள்தான் அடங்கும். அதில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல முடியாது. மேடையில் இருப்போரை ஒவ்வொருவராக "அவர்களே, அவர்களே" என்று விளித்துப் பாதி நேரத்தைக் கரைக்கும் நம் விழா வழக்கத்தை நீங்களாவது கைவிட்டு, "பெரியவர்களுக்கும் உறவினர்களுக்கும் வணக்கம்" என்ற ஒரு வரியோடு நேராக 2018 நவம்பருக்குப் போய்விடுங்கள்.

அந்த நாட்களில் நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: ஜெனரேட்டர் யாருடையது, எந்த வண்டியில் வந்தது, முதலில் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியது, உங்கள் வீட்டு முறை வந்தபோது மணி என்ன, அவன் அப்போது சாப்பிட்டிருந்தானா. "எங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பியபோது நள்ளிரவு, அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றான்" என்பது போல மூன்று வரி உங்களிடம் இருந்தால், தியாகி, வள்ளல் என்ற பட்டங்கள் எதுவும் தேவைப்படாது. அதன்பின் அவனைப் பார்த்து, அங்கே அவன் செய்யப்போவதும் இதே வேலைதான் என்பதைச் சொல்லி, அவன் பெற்றோரை நீங்கள் எப்படிக் கவனித்துக்கொள்வீர்கள் என்பதை, உங்களால் உண்மையில் முடிகிற ஒரு காரியமாகச் சொல்லி முடியுங்கள். மாதம் ஒருமுறை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என்றால் அதையே சொல்லுங்கள். சம்பளத் தொகையையும் வாங்கிய கடனையும் மேடையில் சொல்லவே கூடாது.

இனி முகவர். அவருக்கு மேடையில் நன்றி சொல்லாதீர்கள். நீங்கள் மரியாதைக்காகச் சொல்லும் அந்த வரி, கூட்டத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு நற்சான்றிதழாகிவிடும். விழா முடிவதற்குள் நான்கு பேர் அவருடைய கைபேசி எண்ணை வாங்கிவிடுவார்கள். குடியேற்றச் சட்டம், 1983-இன்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் தொழிலாளியிடம் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஊருக்குள் நடமாடுபவரோ பெரும்பாலும் சென்னையிலோ மும்பையிலோ உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கும் துணை முகவர். சட்டத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது. பதிவு பெற்றவர்களின் பட்டியலை இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுவிட்டதோடு அரசு கடமையை முடித்துக்கொள்கிறது. டெல்டா கிராமங்களில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, டீக்கடையிலும் விழா மேடையிலும் கேட்டதை வைத்தே நிலத்தை அடகு வைக்கிறார்கள். சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டு, போனபின் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன ஒருவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. முகவர் அல்லாமல், அங்கே ஏற்கெனவே பணிபுரியும் உறவினர் ஒருவர் தம் நிறுவனத்தில் பேசி, பணம் எதுவும் வாங்காமல் விசா அனுப்பியிருந்தால் அவருக்குத் தாராளமாக நன்றி சொல்லலாம். ஆனால் பணம் வாங்கவில்லை என்பதை நண்பனிடம் மட்டும் கேட்காமல் அவன் தந்தையிடமும் கேளுங்கள், ஏனெனில் "செலவுக்கு" என்ற பெயரில் கொடுத்ததைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படி ஏதேனும் கைமாறியிருந்தால் அவரும் முகவர் கணக்கில்தான் வருவார். எதுவும் கைமாறவில்லை என்றால், "பெரியப்பா மகன் அங்கே இருக்கிறார் என்பது எங்களுக்குத் தைரியம்" என்று உறவைச் சொல்லி நன்றி கூறுங்கள். விசா வாங்கித் தருபவர் என்று அறிமுகப்படுத்தினால் மறுநாளே அவர் வீட்டு வாசலில் பாஸ்போர்ட்டுகள் குவியும்.

இதை விழா அன்று மேடையில் வாதாட முடியாது. முதல் நாளே ஏற்பாட்டாளர்களிடம், "என் பேச்சு நண்பனைப் பற்றி மட்டும்தான், மற்ற நன்றிகளை நன்றியுரையில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நன்றியுரை சொல்பவர் உங்களுக்குப் பழக்கமானவர் என்றால் மேலே சொன்னதை அவரிடமும் காட்டுங்கள்.

அழுகையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பேச்சைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி, மாடியில் நின்று இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள்; தொண்டை அடைக்கும் வரி எது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன் தாளில் ஒரு கோடு போட்டு, மேடையில் அங்கே வந்ததும் நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள்.