பட்டியலில் 27 அம்சங்கள். முதல் ரிலீஸுக்கு எவை?

கேள்வி: அப்பா 20 லிட்டர் தண்ணீர் கேன் சப்ளை செய்கிறார். ஏறக்குறைய 400 வீடுகள், 3 டெலிவரி பையன்கள். எல்லாம் நோட்டுக் கணக்குதான். மாதக் கடைசியில் பில் போட அப்பா இரண்டு ராத்திரி உட்காருகிறார். காலி கேன் யாரிடம் நிற்கிறது என்று தெரியாமல் நிறைய தொலைகிறது. நண்பர் ஒருவர் ஆப் செய்து தருகிறேன் என்கிறார். ஆர்டர், லைவ் ட்ராக்கிங், ஆன்லைன் பேமெண்ட், ரெஃபரல் என்று பேசிப் பேசிப் பட்டியல் 27 அம்சங்களுக்குப் போய்விட்டது. "முதல் ரிலீஸுக்கு எது கட்டாயம், எது பிறகு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு" என்கிறார். எனக்கு எல்லாமே கட்டாயமாகத்தான் தெரிகிறது. எப்படிப் பிரிப்பது?

பதில்:

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வெற்றுத் தாளின் தலையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்த ஆப் வந்தபின் வீட்டில் எந்த வேலை மாறியிருக்க வேண்டும்? நீங்கள் சொன்னதை வைத்து நான் எழுதினால் இப்படி வரும்: "எந்த வீட்டில் எத்தனை கேன் நிற்கிறது, எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதை எந்த நாளிலும் நோட்டைப் புரட்டாமல் அப்பா சொல்ல முடிய வேண்டும்."

இந்த வாக்கியத்தில் அப்பா இருக்கிறார். கேன் போடும் பையன்கள் மறைமுகமாக இருக்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லை. அவர் இப்போதுபோலவே போன் செய்தோ வாட்ஸ்அப்பில் சொல்லியோ கேன் கேட்கட்டும். அதனால் கணக்கு எதுவும் கெடாது. ஆகவே வாடிக்கையாளருக்கான ஆப், ஓடிபி, ஆன்லைன் ஆர்டர், லைவ் ட்ராக்கிங், ரெஃபரல் எல்லாம் மொத்தமாக "பிறகு" பக்கம் போய்விடுகின்றன. அம்சங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாதாடுவதைவிட, "முதல் ரிலீஸை யார் தொடப்போகிறார்கள்" என்று முதலில் முடிவு செய்வது வேலையைப் பாதியாக்கும்.

மிச்சமிருப்பவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மென்பொருள் துறையில் 'மாஸ்கோ' என்று ஒரு முறை உண்டு. ஆரக்கிள் நிறுவனத்தில் இருந்த டாய் கிளெக் 1994-இல் வகுத்தது. கட்டாயம், வேண்டியது, இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை என்று நான்கு வகை. ஒன்றைக் கட்டாயம் என்று சேர்க்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: "இது இல்லாவிட்டால் என்ன நடக்கும்?" 'இது இல்லாமல் ரிலீஸ் செய்வதில் பொருளே இல்லை' என்பது விடையானால் அது கட்டாயம். கையால் செய்து சமாளிக்க ஒரு வழி இருந்தால், அந்த வழி எவ்வளவு சலிப்பானதாக இருந்தாலும், அது கட்டாயம் அல்ல.

ஆன்லைன் பேமெண்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் வாடிக்கையாளர்கள் இப்போதே அப்பா நம்பருக்கு ஜிபே செய்துகொண்டிருப்பார்கள். ஆப் வழியாகப் பணம் வாங்காவிட்டால் எதுவும் நின்றுவிடாது. ஆனால் வந்த பணத்தை அந்த வீட்டுக் கணக்கில் பதியாவிட்டால் பாக்கி தப்பாகிவிடும். அப்படியானால் பணத்தைப் பதிவது கட்டாயம், பணத்தை வாங்குவது பிறகு. உங்கள் பட்டியலில் ஒரே அம்சமாக இருந்தது இரண்டாகப் பிரிந்துவிட்டது, பாருங்கள். பில்லும் அப்படித்தான். மாதத் தொகையைக் கணக்கிடுவது கட்டாயம். 400 பேருக்கும் தானாக வாட்ஸ்அப்பில் அனுப்புவது பிறகு. அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு எடுத்து, செய்தி வடிவத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, அனுப்புவதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். அதுவரை பில்லைத் திறந்து 'ஷேர்' பொத்தானை அழுத்தி அப்பாவே அனுப்பட்டும். "எல்லாமே கட்டாயம்" என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: ஒரே பெயருக்குள் ஒரு கட்டாயமும் ஒரு வசதியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்.

இந்தச் சோதனை கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. திரைக்கு வராத, யாரும் அம்சம் என்று கேட்காத சில விஷயங்களை முதல் நாளிலேயே செய்தாக வேண்டும். ஏனென்றால் அன்று பதியாத தகவலை ஆறு மாதம் கழித்து எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. ஒரு வீட்டில் 3 கேன் நிற்கிறது என்று வையுங்கள். பையன் 2 போட்டு 1 காலி எடுக்கிறான், இப்போது 4. உங்கள் நண்பர் அந்த 3-ஐ அழித்து 4 என்று மட்டும் எழுதி வைத்தாலும் திரையில் சரியாகத்தான் தெரியும். "போன வாரமே ரெண்டு காலி கொடுத்தாச்சே" என்று அந்த வீட்டு அம்மா சொல்லும்போதுதான் சிக்கல் தெரியும்: எந்தத் தேதியில், எந்தப் பையன், எத்தனை போட்டான், எத்தனை எடுத்தான் என்று காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் ஒவ்வொரு போடலும் எடுப்பும் தனித்தனி வரியாகப் பதிய வேண்டும், பழைய வரியை அழிக்கக் கூடாது என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். அன்றைய கேன் விலையும் அதே வரியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் விலையை 35-லிருந்து 40-ஆக மாற்றும் நாளில் பழைய பில்களும் சேர்ந்து மாறிவிடும். இந்தப் பதிவுகள் இருந்தால் அறிக்கை, வரைபடம் எதையும் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அவை தாராளமாகக் காத்திருக்கும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுவார்கள்: தொடக்க நிலுவை. ஆப் தொடங்கும் நாளில் 400 வீடுகளின் பெயர், அட்வான்ஸ், நிற்கும் கேன், பழைய பாக்கி எல்லாம் நோட்டிலிருந்து ஏற வேண்டும். இது யார் வேலை, எந்தத் தேதிக்குள் என்று எழுதாவிட்டால் ஆப் தயாராகி வெறுமனே நிற்கும். கணக்கை மாதத்தின் 1-ஆம் தேதி மாற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தின் பில் பாதி நோட்டிலும் பாதி ஆப்பிலுமாகக் கிடக்காது.

சிக்னல் இல்லாத இடம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கட்டாயம் வரும். அபார்ட்மெண்ட் அடித்தளத்தில் பையன் நிற்கிறான், நெட் இல்லை. 'காகிதத்தில் குறித்துவிட்டு ராத்திரி ஏற்றலாமே' என்றால், தலையில் எழுதிய வாக்கியமே உடைகிறது. நோட்டு திரும்ப வந்துவிட்டது. ஆகவே நெட் இல்லாமலும் பதியும் வசதி கட்டாயம். அதைச் செய்வது சுலபமல்ல. ஆனால் ஒரு அனுமானம் எழுதினால் வேலை வெகுவாகக் குறையும்: ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் ஒரு பையன் மட்டுமே பதிவான். இரண்டு போன்கள் ஒரே வீட்டுக் கணக்கில் மோதினால் எதை ஏற்பது என்ற தலைவலியை நண்பர் அப்போது தீர்க்கவே வேண்டியதில்லை. இந்த அனுமானம் உங்கள் ஊர் நடைமுறைக்கு ஒத்து வருமா என்று பையன்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நாள் கணக்கு. கட்டாயம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வேலை நாள் என்று நண்பரிடம் எழுதி வாங்குங்கள். மாஸ்கோவைப் பின்பற்றும் டிஎஸ்டிஎம் என்ற மென்பொருள் திட்ட முறையின் வழிகாட்டுதல், கட்டாயங்கள் மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எதிர்பாராதது வரும்போது தள்ளிப்போட ஏதாவது இருந்தால்தான் தேதி நிற்கும். நண்பரால் 30 நாள் கொடுக்க முடியும் என்றால் கட்டாயங்களுக்கு 18. கட்டாயங்களே 28 நாள் பிடித்தால், ஏதோ ஒன்று வேறு வேஷத்தில் உள்ளே வந்திருக்கிறது. சோதனையை மறுபடி நடத்துங்கள்.

எல்லாம் சேர்ந்து உங்கள் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும். நாள் எண்ணிக்கை எடுத்துக்காட்டுக்குத்தான்.

நோக்கம்: எந்த வீட்டில் எத்தனை கேன், எவ்வளவு பாக்கி என்று எந்த நாளிலும் நோட்டு இல்லாமல் சொல்ல வேண்டும்.
பயன்படுத்துவோர்: அப்பா, 3 பையன்கள். வாடிக்கையாளர் இல்லை.
கட்டாயம் (18 நாள்): வீடுகளும் தொடக்க நிலுவையும் 3, கேன் போட்டது, காலி எடுத்தது பதிவு 5, நெட் இல்லாமல் பதிவு 4, வந்த பணம் பதிவு 2, மாத பில் கணக்கு 3, லாகினும் தினசரி பேக்கப்பும் 1.
நேரம் இருந்தால்: வீட்டுக்கு 4 கேனுக்கு மேல் நின்றால் சிவப்பில் காட்டுதல், பையன்வாரியாக அன்றைய மொத்தம்.
இந்த முறை இல்லை: ஆன்லைன் பேமெண்ட் (இப்போதைக்கு அப்பா நம்பருக்கு ஜிபே), வாட்ஸ்அப்பில் தானாக பில் (அப்பா ஷேர் செய்வார்), வாடிக்கையாளர் ஆப் (போன் ஆர்டர் தொடரும்), லைவ் ட்ராக்கிங், ரெஃபரல்.
அனுமானம்: ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் ஒரு பையன். எல்லாரிடமும் ஆண்ட்ராய்டு போன்.
தேதி, கையெழுத்து: நீங்கள், அப்பா, நண்பர்.

"இந்த முறை இல்லை" வரியில் அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடாதீர்கள். ஒன்றை வெறுமனே "பிறகு" என்று எழுதினால் கேட்டவர் மனம் ஆறாது. மறுவாரம் அதே பேச்சு திரும்ப வரும். அதுவரை எப்படிச் சமாளிப்போம் என்று பக்கத்திலேயே இருந்தால் அப்பாவும் ஒப்புக்கொள்வார். அப்படி எழுத உங்களால் முடியவில்லை என்றால், அந்த அம்சம் உண்மையில் கட்டாயமாக இருக்கலாம். மேலே ஏற்றிவிட்டு நாள் கணக்கை மறுபடி பாருங்கள்.

கட்டாயங்களின் சொற்களையும் ஒருமுறை பாருங்கள். "கேன் மேலாண்மை", "வாடிக்கையாளர் விவரம் முதலியன" என்று எழுதினால் நண்பர் ஒன்றை நினைப்பார், நீங்கள் இன்னொன்றை நினைப்பீர்கள். "பையன் வீட்டைத் தேர்ந்து, போட்டது 2, எடுத்தது 1 என்று பதிந்தால், அந்த வீட்டுக் கேன் எண்ணிக்கை உடனே 3-லிருந்து 4 ஆக வேண்டும்" என்று பக்கத்தின் பின்புறத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். செய்து முடித்ததைச் சரிபார்க்கவும் அதே வரி உதவும்.

கையெழுத்தான பிறகும் புது யோசனைகள் வரும். எல்லாவற்றையும் தேதியோடு "இந்த முறை இல்லை" வரிசையில் சேருங்கள். ஏதாவது உள்ளே வந்தே ஆக வேண்டுமென்றால், அதே அளவு நாள் பிடிக்கும் வேறொன்று வெளியே போக வேண்டும், மூவரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். முதலில் "நேரம் இருந்தால்" வரியிலிருந்து எடுங்கள்.

ஆப் வந்ததும் நோட்டை உடனே மூடிவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் இரண்டிலும் பதிவு நடக்கட்டும். வாரக் கடைசியில் ஒரு பையனின் லைனில் 20 வீடுகளை எடுத்து, நோட்டில் இருக்கும் கேனும் பாக்கியும் ஆப்பில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வித்தியாசம் வந்த வீடுகளில் வரிவரியாகப் பதிவைத் திறந்து பார்த்தால், தொடக்க நிலுவை தப்பா, பையன் பதிய மறந்தானா, ஆப்பில் பிழையா என்று அங்கேயே தெரிந்துவிடும். "இந்த முறை இல்லை" வரிசையில் அடுத்து எதை எடுப்பது என்பதை முதல் மாத பில் போய் முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.